தேர்வு ஹாலில் டூட்டி பார்ப்பவர்களுக்கு: என்ன வாசிப்பது, மணிக் கணக்கு, மாணவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வது

சென்னையில் ஒரு தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். செமஸ்டர் தேர்வு வந்தால் டூட்டிக்கு வரும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். இந்த முறை எழுதியே வைத்துவிட்டேன். எங்களுக்குத் தேர்வு காலை 10 முதல் 1 மணி வரை, ஒரு ஹாலில் 30 பேர். உங்கள் கல்லூரியில் நேரம் வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதற்கு ஸ்கிரிப்ட்? இத்தனை வருடம் வாயில் வந்ததைச் சொல்லித்தானே சமாளித்தோம்?

சமாளித்தோம், சரி. ஆனால் பக்கத்துப் பக்கத்து ஹாலில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னதால் வந்த சண்டையையும் நான்தான் தீர்த்தேன். ஒரு ஹாலில் கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், அடுத்த ஹாலில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே பாடம், ஒரே வினாத்தாள். பிடுங்கப்பட்ட பையனின் அப்பா மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் மேஜை முன்னால் நின்றார்.

எழுதி வைத்ததை அப்படியே வாசித்தால் எல்லா ஹாலுக்கும் ஒரே சொல் போகும். பின்னால் யாராவது ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்றால் பதில் சொல்லவும் வசதி. வாசித்து முடித்ததும் ஹால் அறிக்கையில் ‘அறிவிப்பு வாசிக்கப்பட்டது, 9:52’ என்று நேரத்தோடு ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பத்து மணிக்கு முன்னால் சரியாக என்ன வாசிக்க வேண்டும்?

9:45க்கு மாணவர்கள் உள்ளே வருவார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, 9:50 வாக்கில், இதை வாசியுங்கள். சத்தமாக, நிதானமாக. மின்விசிறிச் சத்தத்தில் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது என்பதை மறந்துவிடாதீர்கள்.

‘எல்லோருக்கும் காலை வணக்கம். உங்கள் மேஜையில் எழுதியிருக்கும் எண்ணும் ஹால் டிக்கெட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒரு தடவை பாருங்கள். வேறாக இருந்தால் இப்போதே கையைத் தூக்குங்கள். செல்போன், ஸ்மார்ட் வாட்ச், இயர்போன், எழுதிய தாள் எது இருந்தாலும் இப்போது எழுந்து போய் வெளியே பையில் வைத்துவிட்டு வரலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டோம். பத்து மணிக்குப் பிறகு கையில் இருந்தால், அணைத்து வைத்திருந்தாலும் அது முறைகேடுதான். பேனா, பென்சில், ஸ்கேல், லேபிள் இல்லாத தண்ணீர் பாட்டில், இந்தப் பாடத்துக்கு அனுமதி உண்டு என்றால் சாதாரண கால்குலேட்டர், இவை மட்டும் மேஜையில் இருக்கலாம்.

இப்போது விடைத்தாள் தருகிறோம். முதல் பக்கத்தில் பதிவு எண்ணும் பாடக் குறியீடும் எழுதுங்கள். பெயர், சாமி பெயர், பிள்ளையார் சுழி எதுவும் எங்கேயும் வேண்டாம். 9:55க்கு வினாத்தாள் தருவோம். நீண்ட மணி அடித்த பிறகுதான் எழுதத் தொடங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. யாருக்காவது சர்க்கரை நோய், வலிப்பு, ஆஸ்துமா இருந்தால், அல்லது இன்று காலை முதலே உடம்பு சரியில்லை என்றால், நான் வரிசையாக வரும்போது காதோடு சொல்லுங்கள். சொல்வதால் உங்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது தலை சுற்றினால் எழுந்திருக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தூக்குங்கள். நாங்கள் வருவோம்.’

பிள்ளையார் சுழியைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது பத்து விடைத்தாளிலாவது அது இருக்கிறது. அடையாளக் குறி என்று திருத்துபவர் ஒதுக்கி வைத்துவிட்டால் பாவம் யாருக்கு? கடைசிப் பத்தியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். ‘எழுந்திருக்க வேண்டாம்’ என்பதுதான் அதில் முக்கியம். தலை சுற்றும்போது எழுந்து நம்மிடம் நடந்து வர முயல்பவர்கள்தான் பெஞ்சு முனையில் மண்டையை இடித்துக்கொள்கிறார்கள்.

ஹால் கடிகாரம் ஒரு நேரம் காட்டுகிறது, மணி வேறு நேரத்தில் அடிக்கிறது. எது கணக்கு?

மணிதான் கணக்கு. உங்கள் கைக்கடிகாரமும் கணக்கில்லை. 9:30க்குக் கட்டுப்பாட்டு அறையில் விடைத்தாள் கட்டு வாங்கும்போதே அங்குள்ள கடிகாரத்தோடு உங்கள் வாட்சைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஹால் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடினால், மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் நேரத்தைப் பங்கு போடுவார்கள். கடைசியில் நான்கு நிமிடம் காணாமல் போகும். ஏணி தேட நேரமில்லை என்றால் பலகையில் பெரிதாக ‘கடிகாரம் தவறு, மணியை மட்டும் கவனிக்கவும்’ என்று எழுதி, அரை மணிக்கு ஒருமுறை மீதி நேரத்தைப் பலகையில் மாற்றி எழுதுங்கள்.

ஸ்மார்ட் வாட்சைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டோம். பாதிப் பேரிடம் வேறு வாட்ச் கிடையாது. அதனால் நேரம் சொல்வது இப்போது நம் வேலை. வாயால் சொல்வதை 12:00, 12:30, 12:50 என்று மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் சொல்லி ஹாலையே நடுங்க வைத்த ஒரு சாரும் எங்களிடம் இருந்தார்.

ரயில் லேட் என்று 10:28க்கு ஒருவன் மூச்சிரைக்க நிற்கிறான். உள்ளே விடலாமா? 10:34 ஆனால்?

10:30 வரை விடலாம். வந்த நேரத்தை வருகைப் பதிவில் அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அவனுக்குக் கூடுதல் நேரம் கிடையாது, 1 மணிக்கு எல்லோரோடும் முடிக்க வேண்டும். உள்ளே விட்ட உடனே எழுதச் சொல்லாதீர்கள். கடற்கரை லைனில் நின்றுகொண்டே வந்து, ஸ்டேஷனிலிருந்து ஓடி, மூன்று மாடி ஏறியிருப்பான். இரண்டு மடக்கு தண்ணீர் குடித்து உட்காரட்டும். காலையில் மயங்கி விழுபவர்களில் பாதிப் பேர் இப்படிச் சாப்பிடாமல் ஓடி வந்தவர்கள்தான்.

10:34க்கு வந்தால் நீங்கள் விடவும் கூடாது, திருப்பி அனுப்பவும் கூடாது. தலைமைக் கண்காணிப்பாளரிடம் அனுப்புங்கள். முடிவு அவருடையது. டிசம்பர் மழையில் சுரங்கப்பாதை மூழ்கி ஊரே நின்ற நாளும், வெறுமனே தூங்கிவிட்டு வந்த நாளும் ஒன்றல்ல. அதைப் பிரித்துப் பார்க்கும் அதிகாரம் அவருக்குத்தான் உண்டு.

முதல் முக்கால் மணி நேரம் யாரையும் வெளியே விடக் கூடாது என்கிறார்களே, ஏன்? பாத்ரூம் கூடவா?

கணக்கு எளிது. தாமதமாக வருபவருக்கு 10:30 வரை வாசல் திறந்திருக்கிறது. அதற்கு முன்னால் வினாத்தாளைப் பார்த்த ஒருவர் வெளியே போனால், உள்ளே வரப்போகும் ஒருவரைப் படிக்கட்டில் சந்திக்கலாம். வாசல் மூடிய பிறகு கால் மணி நேரம் இடைவெளி விட்டு, 10:45க்கு மேல்தான் வெளியே போக அனுமதி. அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும் என்றால் அதற்கு முன்னாலும் அனுப்பலாம், வராண்டாவில் நிற்கும் சுற்றுக் கண்காணிப்பாளர் கூடவே போக வேண்டும். வினாத்தாளும் விடைத்தாளும் மேஜையில்தான் இருக்கும். போன நேரம், வந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள்.

இந்த விதிதான் உடம்பு சரியில்லாத மாணவர் விஷயத்தில் முதல் குழப்பத்தை உண்டாக்குகிறது. 10:20க்கு ஒருத்தி ‘வீட்டுக்குப் போகிறேன் மேடம், முடியவில்லை’ என்கிறாள். பிடித்து உட்கார வைக்கவும் முடியாது, அனுப்பவும் முடியாது. அவளை ஹாலை விட்டு மருத்துவ அறைக்கு ஒரு பெண் ஆசிரியரோடு அனுப்புங்கள். வினாத்தாள் உங்களிடமே இருக்கட்டும். 10:45 வரை அவள் அங்கே அந்த ஆசிரியரின் கண் முன்னால் படுத்திருக்கட்டும், அப்புறம் வீட்டுக்குப் போகலாம். ஆம்புலன்ஸ் தேவைப்படும் நிலை என்றால் இந்த 10:45 கணக்கெல்லாம் கிடையாது. உடனே போக வேண்டியதுதான்.

எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று மேஜையில் சாய்ந்துவிட்டாள். முதல் ஒரு நிமிடத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

மணியைப் பாருங்கள். பார்த்த நேரத்தை உள்ளங்கையிலாவது எழுதிக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் கல் நெஞ்சக்காரன் என்று பார்க்கிறார்கள். ஒரு நொடி வேலை அது. எத்தனை நேரமாக மயக்கம் என்பதுதான் பின்னால் ஆம்புலன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி, தலைமைக் கண்காணிப்பாளர் கேட்கப்போவதும் அதுதான்.

அடுத்து, நீங்கள் ஒருவராக ஓடாதீர்கள். வராண்டாவில் இருப்பவரைக் கதவருகில் நின்று கூப்பிடுங்கள். ஒருவர் மாணவியிடம், ஒருவர் ஹாலிடம். இரண்டு பேரும் மாணவி மேல் குனிந்தால் மீதி 29 பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆளில்லை. ஹாலைப் பார்ப்பவர் சொல்ல வேண்டியது இது:

‘எல்லோரும் பேனாவைக் கீழே வையுங்கள். விடைத்தாளைக் கவிழ்த்து வையுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், யாரும் எழுந்து வர வேண்டாம். உங்கள் நேரம் குறையாது, நிறுத்திய நேரத்தைக் குறித்துக்கொண்டோம்.’

கடைசி வாக்கியம் மந்திரம் மாதிரி வேலை செய்யும். நேரம் போய்விடும் என்ற பயத்தில்தான் மாணவர்கள் அடங்காமல் எழுதிக்கொண்டே எட்டிப் பார்க்கிறார்கள்.

மாணவியைப் பெஞ்சில் நிமிர்த்தி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடிப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். செய்யாதீர்கள். வெறும் மயக்கம் என்றால் தலைக்கு ரத்தம் போதாமல் போவதுதான் காரணம். நிமிர்த்தினால் இன்னும் குறையும். தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, காலைத் தூக்கி இரண்டு பைகளின் மேல் வையுங்கள். துப்பட்டாவோ காலரோ இறுகியிருந்தால் தளர்த்துங்கள், ஜன்னலைத் திறங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் கண் விழிப்பாள். விழித்த உடனே எழுப்பி உட்கார வைக்காதீர்கள், பத்து நிமிடமாவது படுத்திருக்கட்டும். இரண்டு நிமிடம் ஆகியும் விழிக்கவில்லை என்றாலோ, மூச்சு சரியாக இல்லை என்றாலோ 108தான்.

மூச்சு வாங்குகிற ஆஸ்துமா மாணவருக்கு மட்டும் நேர்மாறு. படுக்க வைக்கக் கூடாது. நிமிர்ந்து, சற்று முன்னால் சாய்ந்து உட்கார வைத்து, அவருடைய சொந்த இன்ஹேலரை எடுத்துக் கொடுங்கள். இன்ஹேலர் வெளியே பையில் இருந்தால் பயனில்லை. அதனால்தான் காலையிலேயே காதோடு சொல்லச் சொல்கிறோம்; அவர்கள் அதை மேஜையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்க வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்பதில்லை. தானாகவே ஓரிரு நிமிடத்தில் நிற்கும். அந்த நேரத்தில் யாரோ சாவி கொடுத்திருப்பார்கள், பெயர் சாவிக்குப் போய்விடும். எங்கள் ஹாலிலேயே நான்கு பேர் சாவிக்கொத்தோடு ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறேன், பெஞ்சை நகர்த்த ஒருவரும் இல்லை.

பெஞ்சு, நாற்காலி, பேனா, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். தலைக்கு அடியில் ஒரு துண்டோ பையோ கொடுங்கள். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்காதீர்கள், வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். முழு விழிப்பு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது.

தொடங்கிய நேரம் இங்கேதான் உயிரைக் காப்பாற்றுகிறது. ஐந்து நிமிடம் தாண்டினால், ஒன்று நின்று தெளிவதற்குள் அடுத்தது வந்தால், அடிபட்டிருந்தால், அல்லது அந்த மாணவருக்கு இதுவே முதல் முறை என்றால் 108ஐ அழைக்க வேண்டும். பார்க்கும் நமக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், அதனால் ஊகிக்காமல் வாட்சைப் பாருங்கள். வலிப்பு வந்தவர் அன்று திரும்ப உட்கார்ந்து எழுதுவது நடக்காத காரியம். வெகு நேரம் குழப்பமும் தூக்கமுமாக இருப்பார். ‘எழுதுகிறேன்’ என்று அவரே சொன்னாலும் தலைமைக் கண்காணிப்பாளரிடம் விட்டுவிடுங்கள்.

குளுக்கோஸ் கொடுக்கலாமா? தலைவலி மாத்திரை?

மாத்திரை எதுவும் நீங்கள் கொடுக்கக் கூடாது. உங்கள் பையில் உள்ள பாராசிட்டமால்கூட வேண்டாம். அவருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று உங்களுக்குத் தெரியாது.

சர்க்கரை விஷயம் வேறு. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் மாணவருக்கு வியர்த்து, கை நடுங்கி, கேள்வி கேட்டால் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். ஏப்ரல் சென்னையில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது, வியர்வையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. விடைத்தாளைப் பாருங்கள், கையெழுத்து திடீரென்று கோணலாகியிருக்கும். விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால், அரை டம்ளர் தண்ணீரில் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கலந்து கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

இந்த மாணவர்கள் மிட்டாயோ பழமோ குளுக்கோஸோ மேஜையில் வைத்துக்கொள்ள விடுங்கள். சிபிஎஸ்இ பொதுத்தேர்வுகளிலேயே சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கு அந்த அனுமதி உண்டு. மேல் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டால் போதும்.

போன நேரத்துக்குக் கூடுதல் நேரம் யார், எப்படிக் கொடுப்பது?

கொடுப்பவர் தலைமைக் கண்காணிப்பாளர். உங்கள் வேலை அவருக்குச் சரியான எண்களைக் கொடுப்பது. ஒரு ஏப்ரல் தேர்வில் எங்கள் 14ஆம் எண் ஹாலில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

11:20க்கு மூன்றாம் வரிசை மாணவி சாய்ந்தாள். ஹாலை நிறுத்தினார்கள். 11:22க்குத் தரையில் படுக்க வைத்தார்கள், ஒரு நிமிடத்துக்குள் விழித்துவிட்டாள். காலையில் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். 11:26க்கு அவளைப் பாயோடு ஹாலின் பின்பக்கம் நகர்த்திவிட்டு மற்ற 29 பேரை எழுதச் சொன்னார்கள். அவள் படுத்திருந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடித்து, 11:38க்கு ‘எழுதுகிறேன் மேடம்’ என்று உட்கார்ந்தாள்.

ஆக ஹால் முழுவதும் இழந்தது 11:20 முதல் 11:26 வரை, 6 நிமிடம். அவள் இழந்தது 11:20 முதல் 11:38 வரை, 18 நிமிடம். இந்த 18க்குள்ளேயே ஹாலின் 6 அடங்கிவிட்டது, அதனால் கூட்டி 24 ஆக்கக் கூடாது. தலைமைக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டார்: ஹாலுக்கு 1:06, அவளுக்கு 1:18. பக்கத்து ஹாலுக்கு வழக்கம்போல 1:00. அந்த ஹாலில் சத்தம் கேட்டதே என்று ஒரு நிமிடம் கேட்டார்கள். பேனா கீழே வைக்காத ஹாலுக்கு நேரம் கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். அது சரியென்றுதான் எனக்கும் படுகிறது.

உடனே பலகையில் ‘முடியும் நேரம் 1:06’ என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் 1 மணி மணிச் சத்தத்தில் பாதிப் பேர் தாளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். மாணவியின் 1:18ஐப் பலகையில் எழுத வேண்டாம், அவளிடம் மட்டும் போய்ச் சொல்லுங்கள்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் இப்படி ஒரு மாணவர் விட்ட இடத்தில் விடைத்தாள் ஓரத்தில் கோடு போட்டு ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அதுவும் சிவப்பு மையில். நல்லது செய்வதாக நினைப்பு. திருத்தும் மையத்தில் அது அடையாளக் குறியாகிவிட்டது, அந்த விடைத்தாளுக்காக மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடைத்தாளில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். எல்லாம் ஹால் அறிக்கையில் மட்டும்.

திரும்ப எழுத முடியவில்லை, அனுப்புகிறோம். விடைத்தாளை என்ன செய்வது?

எழுதிய வரைக்கும் அது விடைத்தாள்தான். ஒரு வரி எழுதியிருந்தாலும் வாங்கி, கூடுதல் தாள் இருந்தால் நூலால் கட்டி, மற்றவர்களின் தாளோடு பதிவு எண் வரிசையிலேயே வையுங்கள். தனியாக உறையில் போட்டால் அதை எங்காவது மறந்து வைப்போம்.

இங்கே நடக்கும் பெரிய தப்பு வருகைப் பதிவில்தான். தேர்வு முடியும்போது இருக்கை காலியாக இருக்கிறது, களைப்பில் ‘வரவில்லை’ என்று குறித்துவிடுகிறார்கள். வந்தவர், கையெழுத்துப் போட்டவர், எழுதியவர். அவருக்கு ‘வருகை’தான். அந்த ஒரு எழுத்து மாறினால் மதிப்பெண் பட்டியலில் விடைத்தாளே இல்லாதவர் ஆகிவிடுவார். அறிக்கையில் இப்படி எழுதினால் போதும்:

‘பதிவு எண் …., 11:20க்கு மயக்கம், 11:22 முதலுதவி, 11:45க்குத் தலைமைக் கண்காணிப்பாளர் அனுமதியுடன் அனுப்பப்பட்டார். உடன் சென்றவர் …. விடைத்தாள் பெறப்பட்டது, கூடுதல் தாள் 1.’

என்ன நோய் என்று எழுதாதீர்கள், நாம் டாக்டர் இல்லை. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். கல்லூரி வளாகத்தை விட்டு வெளியே போனவர் அன்று திரும்ப ஹாலுக்குள் வர முடியாது என்பதை, அவருக்குப் புரியும் நிலையில் இருந்தால், போகும் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குப் போன் செய்வது அலுவலகத்தின் வேலை. ஹாலிலிருந்து நீங்கள் பேசினால் அந்தப் பக்கம் ஒரு அம்மா அழுவார், நீங்கள் இந்தப் பக்கம் ஹாலை விட்டுவிடுவீர்கள்.

108ஐ நானே கூப்பிடலாமா, அனுமதி வாங்க வேண்டுமா?

கூப்பிடுங்கள், அப்புறம் சொல்லுங்கள். ஹாலில் செல்போன் கூடாது என்பது நமக்கும்தான், அதனால் வராண்டாவில் இருப்பவர் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடி அங்கிருந்து பேசுவதுதான் முறை. தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் இலவச சேவை அது, யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.

பேசும்போது கல்லூரிப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். எந்த வாசல், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, மாணவர் விழிப்போடு இருக்கிறாரா, எத்தனை நிமிடமாக இப்படி என்று சொல்லுங்கள். எங்களுக்கு மூன்று வாசல், தேர்வு நாளில் இரண்டு பூட்டியிருக்கும். ஒருமுறை வண்டி பூட்டிய வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, ஹால் பின்பக்கத்துக் கட்டடத்தில். அதிலிருந்து ஒரு அலுவலக உதவியாளரை வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் போனையே எடுக்கிறோம்.

நடிக்கிறாள் என்று தோன்றினால்? படிக்காமல் வந்திருப்பாள், அரியர் பேப்பர் வேறு.

தோன்றட்டும். நடித்தாலும் அவளுக்குக் கிடைக்கப் போவது என்ன? படுத்திருந்த நேரம் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். கண் முன்னாலேயே படுத்திருக்கிறாள், கையில் தாள் இல்லை, போன் இல்லை. உண்மையாக இருந்து நாம் நம்பாமல் விட்டால் போவது வேறு. மருத்துவ அறைக்குப் போகும்போது கூடவே ஆள் போகிறார், பாத்ரூமில் தனியாக விடுவதில்லை. அந்தக் கண்காணிப்பு இருந்தால் சந்தேகத்துக்கு வேலையில்லை. ‘டிராமா பண்றியா’ என்று ஹாலில் எல்லோர் முன்னாலும் கேட்பதை மட்டும் தயவுசெய்து விடுங்கள்.

எனக்கே மயக்கம் வந்தால்?

உட்காருங்கள், கதவுப் பக்கம் உள்ள மாணவரை விட்டு வராண்டாவில் இருப்பவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. காலை டிபனை விட்டுவிட்டு வராதீர்கள்.

பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு டூட்டிக்கும் இதையே வாசிக்கலாமா?

கூடாது. அங்கே அரசுத் தேர்வுகள் இயக்ககம் தரும் அறிவுரைதான் செல்லும். நேரமே வேறு: 10:00க்கு வினாத்தாள், 10:10 வரை படிக்க, 10:15 வரை விடைத்தாள் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க, 10:15 முதல் 1:15 வரை எழுத. கூடுதல் நேரத்தையும் நம்மைப் போல அங்கேயே முடிவு செய்துவிட நினைக்காதீர்கள், முதன்மைக் கண்காணிப்பாளரிடம் உடனே சொல்லிவிடுங்கள். முதலுதவி மட்டும் எந்தத் தேர்வானாலும் ஒன்றுதான்.

கடைசிப் பத்து நிமிடம் என்ன வாசிக்க வேண்டும்? கூடுதல் நேரம் வாங்கிய மாணவி இருக்கும்போது ஹாலை எப்படி முடிப்பது?

12:50க்கு (ஹால் முழுவதற்கும் நேரம் நீட்டியிருந்தால் அதற்கேற்பத் தள்ளி) வாசியுங்கள்:

‘இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. இனி யாரும் வெளியே போக முடியாது. கூடுதல் தாள் வாங்கியவர்கள் இப்போதே வரிசையாக அடுக்கி நூல் கட்டுங்கள், முதல் பக்கத்தில் மொத்தம் எத்தனை தாள் என்று எழுதுங்கள். மணி அடித்ததும் பேனாவைக் கீழே வைத்து உட்கார்ந்தே இருங்கள். நாங்கள் வந்து வாங்கி, எண்ணி முடித்துச் சொன்ன பிறகு எழுந்தால் போதும்.’

எண்ணும்போது 30 இருக்கைக்கு 30 தாள் வராது என்பதை நினைவில் வையுங்கள். 14ஆம் எண் ஹாலில் அன்று 1:06க்கு வாங்கியது 29. முப்பதாவது இன்னும் மூன்றாம் வரிசையில் எழுதிக்கொண்டிருந்தது. இருவரில் ஒருவர் 29ஐக் கட்டி, ‘1 நிலுவை, 1:18’ என்று மேலே எழுதிக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டு போகட்டும். மற்றவர் ஹாலிலேயே இருக்கட்டும். வெளியே போகும் 29 பேர் வராண்டாவில் நின்று ‘ஆறாவது கேள்விக்கு என்னடா எழுதின’ என்று கத்தாமல் இறங்கிப் போகிறார்களா என்று பார்ப்பது சுற்றுக் கண்காணிப்பாளரின் வேலை. கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியை மட்டும் நிறுத்தாதீர்கள். எங்கள் அட்டெண்டர் அன்று பழக்கதோஷத்தில் 1:10க்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்.